லெட் குளோரைடு படியுமா, படியாதா?

செய்முறை வகுப்பில் ஒரு நாள் மாணவர்களிடம் இரண்டு புட்டிகளைக் கொடுத்தேன். ஒன்றில் 0.1 M லெட் நைட்ரேட், மற்றொன்றில் 0.1 M சோடியம் குளோரைடு. ஒவ்வொன்றிலும் 5 மி.லி. எடுத்துக் கலந்தால் வெள்ளை வீழ்படிவு வருமா என்று முதலில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கலந்து பார்க்க வேண்டும். எல்லோரும் கணக்கைப் போட்டு ‘படியும்’ என்று எழுதினார்கள். கலந்தார்கள். பாதிப் பேரின் குழாயில் கரைசல் தண்ணீர் போலத் தெளிவாக நின்றது. மீதிப் பேருக்கு மெல்லிய பால் கலங்கல். தெளிவான குழாயைக் கையில் வைத்திருந்த ஒரு மாணவி, குறிப்பேட்டில் ‘வெள்ளை வீழ்படிவு தோன்றியது’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். “எங்கேம்மா?” என்று கேட்டேன். “கணக்குல வருது சார்” என்றாள்.

அவள் கணக்கில் பிழை இல்லை. குழாயிலும் பிழை இல்லை. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை, பாதிப் பேருக்கு மட்டும் ஏன் கலங்கியது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்வதற்காகவே இந்த அத்தியாயம். சில்வர் குளோரைடை வைத்துச் சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கும் லெட் குளோரைடுதான் இந்தக் கணக்கு எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

எந்த இரண்டு எண்களை ஒப்பிடுகிறோம்?

கொஞ்சம் லெட் குளோரைடுத் தூளைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் ஒரு பகுதி கரையும், மிச்சம் அடியில் தங்கும். அடியில் திடப்பொருள் இருக்கும்வரை மேலே உள்ள கரைசல் நிறைவுற்ற கரைசல். அதில் ஒவ்வொரு நொடியும் திடப்பொருளிலிருந்து அயனிகள் பிரிந்து போகின்றன. அதே அளவு அயனிகள் திரும்பி வந்து ஒட்டுகின்றன. இந்தச் சமநிலையில் காரீய அயனியின் செறிவையும் குளோரைடு அயனிச் செறிவின் வர்க்கத்தையும் பெருக்கினால், குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒரு மாறாத எண் வரும். அதுதான் கரைதிறன் பெருக்கம், Ksp. ஜெர்மானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1889-இல் இந்தக் கருத்தை வெளியிட்டார்.

25 °C-இல் லெட் குளோரைடின் Ksp ஏறத்தாழ 1.7 × 10⁻⁵. நூலுக்கு நூல் இந்த எண் சற்று மாறும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஆனால் எந்த வெப்பநிலைக்கான எண் என்பதை மட்டும் பார்க்காமல் எடுக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

அயனிப் பெருக்கம், Q, வேறு. அதே வாய்பாடுதான், ஆனால் சமநிலைச் செறிவுகளுக்குப் பதிலாக, இரண்டு கரைசல்களைக் கலந்த அந்தக் கணத்தில் குழாயில் இருக்கும் செறிவுகளை அதில் போடுகிறோம்.

Q = [Pb²⁺] × [Cl⁻]²

Q-வின் மதிப்பு Ksp-ஐவிடக் கூடுதல் என்றால், கரைசலால் தாங்க முடிந்ததைவிட அதிக அயனிகள் அதில் இருக்கின்றன. மிகுதி படிய வேண்டும். குறைவு என்றால் படியாது. இன்னும் கொஞ்சம் உப்பைப் போட்டால்கூட அது கரையும். இரண்டும் சமம் என்றால் கரைசல் சரியாக நிறைவு நிலையில் நிற்கிறது. Ksp மேசையில் வரைந்த கோடு, Q நாம் நிற்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதுதான் கேள்வி. எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பது அதைவிட முக்கியமான கேள்வி. அதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

முதல் வேலை, எந்த ஜோடி படியக்கூடும் என்று பார்ப்பது. குழாயில் நான்கு வகை அயனிகள் இருக்கின்றன: காரீயம், நைட்ரேட், சோடியம், குளோரைடு. சோடியம் நைட்ரேட் தாராளமாகக் கரையும், அதை விட்டுவிடலாம். மிச்சமிருப்பது காரீயமும் குளோரைடும்தான்.

அடுத்தது நீர்த்தல். 5 மி.லி.யும் 5 மி.லி.யும் சேர்ந்தால் 10 மி.லி. 5 மி.லி.யில் இருந்த காரீயம் இப்போது 10 மி.லி.யில் பரவி நிற்கிறது. ஆகவே புட்டியின் மேல் எழுதியிருக்கும் 0.1 M இனிச் செல்லாது. இரண்டு செறிவுகளும் பாதியாகி 0.05 M ஆகின்றன. சம அளவு எடுக்கவில்லை என்றால் பொது விதி இது: பழைய செறிவைப் பழைய பருமனால் பெருக்கி, மொத்தப் பருமனால் வகுக்க வேண்டும்.

இந்தப் படியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? 0.1 × (0.1)² = 1 × 10⁻³ என்று வரும். சரியான விடையைவிட எட்டு மடங்கு கூடுதல். குளோரைடு வர்க்கமாக வருவதால் நீர்த்தலின் பிழையும் மும்மடியாகப் பெருகிவிடுகிறது: இரண்டு, அதன் வர்க்கம் நான்கு, இரண்டும் சேர்ந்து எட்டு.

இப்போது சரியாகப் போடுவோம்.

Q = 0.05 × (0.05)² = 1.25 × 10⁻⁴

Ksp 1.7 × 10⁻⁵. Q அதைப்போல் ஏழு மடங்குக்கும் சற்று மேல். ஆகவே விதிப்படி படிய வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பிழையைச் சொல்லாமல் போக முடியாது. விடைத்தாள் திருத்தும்போது மிக அதிகமாகப் பார்ப்பது இதைத்தான். PbCl₂ என்ற வாய்பாட்டில் 2 இருக்கிறதே என்று, குளோரைடின் செறிவை இரண்டால் பெருக்கி அதன் பிறகு வர்க்கமும் எடுத்து, (2 × 0.05)² என்று எழுதிவிடுவார்கள். இந்தக் குழாயில் குளோரைடு வந்தது சோடியம் குளோரைடிலிருந்து. ஒரு NaCl ஒரே ஒரு குளோரைடைத்தான் தரும். ஆகவே கலவையில் குளோரைடு 0.05 M, அவ்வளவுதான். வர்க்கம் வருவது Ksp-இன் வாய்பாட்டிலிருந்து. அந்த 2 ஒருமுறைதான் வேலை செய்யும், அடுக்காக.

அப்படியானால் (2s)² என்று பாடநூலில் வருகிறதே என்று கேட்பீர்கள். அது வேறு சூழல். அங்கே தூய நீரில் லெட் குளோரைடு மட்டும் கரைகிறது. s மோல் கரைந்தால் காரீயம் s, குளோரைடு 2s. அந்த 2s என்பதே குளோரைடின் உண்மையான செறிவு. அதேபோல, நீங்கள் சோடியம் குளோரைடுக்குப் பதிலாக 0.1 M கால்சியம் குளோரைடை எடுத்திருந்தால், அந்தப் புட்டியிலேயே குளோரைடு 0.2 M, கலந்தபின் 0.1 M. அப்போது அந்த இரண்டைப் பெருக்குவது சரி. ‘இந்தக் குழாயில் குளோரைடு அயனியின் உண்மையான செறிவு என்ன?’ என்று முதலில் தனியாக ஒரு வரி எழுதுங்கள். வர்க்கத்தை அடுத்த வரிக்கு விடுங்கள். இந்த ஒரு பழக்கம் பிழையைத் தடுத்துவிடும்.

தெளிவாக நின்ற குழாய்

இப்போது அந்த மாணவியின் குழாய்க்கு வருவோம். ஏழு மடங்கு மீறியும் ஏன் படியவில்லை?

Ksp-ஐ ஓரமாக வைத்துவிட்டு, லெட் குளோரைடு உண்மையில் எவ்வளவு கரைகிறது என்று பாருங்கள். 20 °C-இல் 100 மி.லி. தண்ணீரில் ஏறத்தாழ 1 கிராம் கரையும். லிட்டருக்கு 10 கிராம். மூலக்கூறு நிறை 278 என்பதால் இது லிட்டருக்கு 0.036 மோல். இந்த நிறைவுற்ற கரைசலில் காரீயம் மொத்தம் 0.036 M, குளோரைடு மொத்தம் 0.072 M. இரண்டையும் அதே வாய்பாட்டில் போட்டால்:

0.036 × (0.072)² ≈ 1.9 × 10⁻⁴

கவனியுங்கள். அட்டவணையில் இருக்கும் 1.7 × 10⁻⁵ அல்ல. அதைப்போல் பதினோரு மடங்கு. நம் குழாயில் இருந்த Q-வோ 1.25 × 10⁻⁴. உண்மையான நிறைவு நிலையைவிடக் கீழே. குழாய் தெளிவாக நின்றதில் வியப்பே இல்லை.

அப்படியானால் அட்டவணை தவறா? இல்லை. அட்டவணையில் உள்ள Ksp, அயனிகளின் செயல்திறனைக் கொண்டு சொல்லப்படுவது. புட்டியின் மேல் எழுதிய செறிவைக் கொண்டு அல்ல. மிக நீர்த்த கரைசலில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் லிட்டருக்குச் சில நூறில் ஒரு பங்கு மோல் என்ற அளவுக்கு அயனிகள் நெருங்கிவிட்டால், ஒவ்வொரு காரீய அயனியைச் சுற்றியும் எதிர் மின்சுமை கொண்ட அயனிகள் கூடி நிற்கும். இரட்டை மின்சுமை என்பதால் காரீயத்தைச் சுற்றி அந்தக் கூட்டம் இன்னும் அதிகம். அந்தக் கூட்டத்தின் நடுவே நிற்கும் அயனி, தனியாக நிற்பதுபோல் முழு வீச்சில் வினைபுரியாது. நம் குழாயில் சோடியமும் நைட்ரேட்டும்கூட வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவில்லை. அவையும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவைதான்.

இரண்டாவது காரணம் இன்னும் நேரடியானது. காரீய அயனியும் குளோரைடு அயனியும் கரைசலுக்குள்ளேயே கைகோத்து PbCl⁺ என்ற இணையாக உலவுகின்றன. அந்த இணை கரைந்தே இருக்கிறது, படிவதில்லை. காரீயத்தின் ஒரு கணிசமான பங்கு இப்படி ஒதுங்கிவிட்டால், தனியாக நிற்கும் Pb²⁺ நாம் எழுதிய 0.05 M-ஐவிடக் குறைவு. ஆகவே உண்மையான Q-வும் குறைவு.

இதிலிருந்து கையில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் ஒன்று கிடைக்கிறது. லெட் குளோரைடு போல ஓரளவு கரையும் உப்புகளில், Q-வை Ksp-ஆல் வகுத்து வரும் எண் பத்து, பதினைந்துக்குள் இருந்தால் ‘படியும்’ என்று உறுதி சொல்லாதீர்கள். ‘எல்லையில் இருக்கிறது, செய்து பார்த்தே சொல்ல வேண்டும்’ என்று எழுதுங்கள். அது கோழைத்தனமான விடை அல்ல, சரியான விடை. விகிதம் ஐம்பது, நூறு என்று போனால் துணிந்து சொல்லலாம். ஒன்றுக்குக் கீழே இருந்தாலும் துணிந்து ‘படியாது’ என்று சொல்லலாம். ஏனென்றால் நான் சொன்ன இரண்டு காரணங்களும் கரைதிறனைக் கூட்டவே செய்கின்றன, குறைப்பதில்லை.

தேர்வில் என்ன எழுதுவது என்று கேட்டால், கொடுத்த எண்களை வைத்து ‘Q > Ksp, ஆகவே படியும்’ என்றே எழுதுங்கள். கேள்வி அந்த எளிய மாதிரியைத்தான் கேட்கிறது. செய்முறைக் குறிப்பேட்டில் மட்டும் கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

கலங்கிய குழாய்

மீதிப் பாதிப் பேருக்கு மட்டும் கலங்கியது ஏன்? அவர்களுடைய குழாய்களை வாங்கி ஸ்பிரிட் விளக்கில் மெதுவாகச் சூடாக்கச் சொன்னேன். லெட் குளோரைடு 100 °C-இல் 100 மி.லி.க்கு மூன்று கிராமுக்கு மேல் கரையும். குளிர்ந்த நீரில் கரைவதைப்போல் மூன்று மடங்கு. அந்தக் கலங்கல் லெட் குளோரைடாக இருந்தால் சூட்டில் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. அப்படியே நின்றது.

விசாரித்தபோது தெரிந்தது: அவர்கள் சோதனைக்குழாயைத் தொட்டிக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு, வாலை வடிநீரில் அலசாமல் அப்படியே எடுத்து வந்திருக்கிறார்கள். எங்களுக்கு வந்தது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதில் சல்பேட்டும் பைகார்பனேட்டும் உண்டு. குழாயின் சுவரில் ஒட்டியிருந்த சில துளிகள் போதும். லெட் சல்பேட்டின் Ksp ஏறத்தாழ 1.8 × 10⁻⁸. காரீயம் 0.05 M இருக்கும்போது, கோட்டைத் தாண்டத் தேவையான சல்பேட் எவ்வளவு? 1.8 × 10⁻⁸-ஐ 0.05-ஆல் வகுத்தால் 3.6 × 10⁻⁷ M. லிட்டருக்கு 0.04 மில்லிகிராமுக்கும் குறைவு. நிலத்தடி நீரில் சல்பேட் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம்களில் இருப்பது சாதாரணம். அது ஐம்பதில் ஒரு பங்காக நீர்த்தாலும் கோட்டை எளிதாகத் தாண்டும். லெட் கார்பனேட்டின் Ksp இன்னும் மிகச் சிறியது, 10⁻¹⁴-ஐ ஒட்டிய எண்.

அவர்கள் கண்டது வீழ்படிவுதான். ஆனால் எதிர்பார்த்த வீழ்படிவு அல்ல. கணக்கும் கலங்கலும் ஒத்துப்போனதால் யாருக்கும் ஐயம் வரவில்லை. இதனால்தான் லெட் நைட்ரேட் கரைசலை வடிநீரில் மட்டுமே தயாரிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். தயாரித்த கரைசலே புட்டியில் லேசாக மங்கியிருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். வெண்கலங்கல் எதுவென்று ஐயம் வந்தால் சூடாக்கிப் பாருங்கள். லெட் குளோரைடு என்றால் கரைந்து, ஆறவிடும்போது பளபளக்கும் ஊசிகளாகத் திரும்பி வரும். லெட் சல்பேட்டும் கார்பனேட்டும் வெந்நீருக்கு மசியாது.

ஐயமின்றிப் படிய வைப்பது

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். லெட் நைட்ரேட் அதே 0.1 M, 5 மி.லி. சோடியம் குளோரைடை மட்டும் 0.3 M ஆக்குவோம். கலந்தபின் காரீயம் 0.05, குளோரைடு 0.15.

Q = 0.05 × (0.15)² = 1.1 × 10⁻³

Ksp-ஐப்போல் 66 மடங்கு. நாம் கண்டறிந்த நடைமுறைக் கோடான 1.9 × 10⁻⁴-ஐயும் ஆறு மடங்கு தாண்டுகிறது. காரீயத்தைத் தொடாமல் குளோரைடை மூன்று மடங்கு ஆக்கியதற்கே Q ஒன்பது மடங்கு ஏறிவிட்டது. வர்க்கம் உள்ள அயனியைக் கூட்டுவதுதான் சிக்கனமான வழி என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

இந்தக் கலவையை நீங்களே செய்து பாருங்கள். கலந்தவுடன் படியாமல் சில நொடி தயங்கி நிற்கலாம். அது மீநிறைவு நிலை. கரைசலில் அயனிகள் மிகுதியாக இருந்தும், ஒட்டிக்கொள்ள முதல் படிகத் துகள் கிடைக்காததால் காத்திருக்கின்றன. கண்ணாடிக் கோலால் குழாயின் உட்சுவரைக் கரைசல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நாலைந்து முறை தேய்த்துவிடுங்கள். தேய்த்த கோட்டிலேயே வெள்ளை இழைபோல் படிகம் தொடங்கி, அங்கிருந்து கீழே சொரியும். அதிலும் தயங்கினால் குழாயைக் குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். Q > Ksp என்பது எங்கே போய் முடியும் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு நேரத்தில் என்று சொல்வதில்லை.

படிந்தபின் அதே குழாயைக் கொதிக்கும் நீரில் வையுங்கள். 100 °C-இல் நிறைவுற்ற லெட் குளோரைடுக் கரைசல் ஏறத்தாழ 0.12 M. காரீயம் 0.12, குளோரைடு 0.24 என்று பெருக்கினால் 7 × 10⁻³-ஐ ஒட்டி வரும். நம் Q 1.1 × 10⁻³. குழாயில் உள்ள பொருள் மாறவில்லை, Q-வும் மாறவில்லை. கோடு மேலே ஏறிவிட்டது. வீழ்படிவு மறைகிறது. ஆறவிட்டால் கோடு இறங்குகிறது, ஊசிகள் வருகின்றன. Ksp எந்த வெப்பநிலைக்கானது என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். நம் ஊரில் மே மாத மதியம் ஆய்வுக்கூடத்தில் 36 °C இருக்கும்; அட்டவணையோ 25 °C-க்கானது. எல்லைக்கோட்டில் நிற்கும் கலவைக்கு அந்தப் பதினொரு டிகிரி போதும்.

குளோரைடைக் கூட்டிக்கொண்டே போனால் மேலும் மேலும் படியும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் படிந்ததே கரையத் தொடங்கும். அளவுக்கு மிஞ்சிய குளோரைடு காரீயத்தைச் சூழ்ந்து PbCl₄²⁻ என்ற அணைவு அயனியாக்கி, கரைசலுக்குள் இழுத்துக்கொள்கிறது. Q-வின் வாய்பாடு இதை அறியாது; அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் உப்புப் பகுப்பாய்வில் முதல் தொகுதிக்கு நீர்த்த அமிலத்தையே சேர்க்கச் சொல்கிறோம்.

படிவது வேறு, தெரிவது வேறு

லெட் குளோரைடில் கோட்டைத் தாண்டியும் படியாத குழாயைப் பார்த்தோம். சில்வர் குளோரைடில் இதற்கு நேர் எதிர்: படிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன் Ksp 1.8 × 10⁻¹⁰. வடிநீரில் குளோரைடு கலந்திருக்கிறதா என்று பார்க்க, 10 மி.லி. நீரில் ஒரு துளி 0.1 M சில்வர் நைட்ரேட் விடுவது வழக்கம். ஒரு துளி 0.05 மி.லி. என்று கொண்டால் குழாயில் வெள்ளி அயனி 5 × 10⁻⁴ M. கோட்டைத் தொடத் தேவையான குளோரைடு 3.6 × 10⁻⁷ M. லிட்டருக்கு 0.013 மில்லிகிராம்.

நீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். Q ஏறத்தாழ நான்கு மடங்கு தாண்டுகிறது. இங்கே கரைசல் மிக நீர்த்தது. ஆகவே நான்கு மடங்கு என்பதை நம்பலாம். ஆனால் படியும் சில்வர் குளோரைடின் மொத்த எடை அந்த 10 மி.லி.யில் இரண்டு மைக்ரோகிராமுக்கும் குறைவு. கருப்புத் தாளைப் பின்னால் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. ‘கலங்கல் இல்லை’ என்பதை ‘குளோரைடே இல்லை’ என்று எழுதக் கூடாது. Q-வைப் போட்டபின், படியக்கூடிய எடை எவ்வளவு என்றும் ஒரு வரி போட்டுப் பாருங்கள். குறைவாக இருக்கும் அயனியின் மோல்களை வைத்தே அதைச் சொல்லிவிடலாம்.

தெளிந்த நீரில் மிஞ்சியது

கடைசியாக ஒரு கணக்கு. மாணவர்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான்: 5 மி.லி. 0.1 M லெட் நைட்ரேட்டுடன் 5 மி.லி. 1 M சோடியம் குளோரைடைக் கலப்பது. Q = 0.05 × (0.5)² = 0.0125. Ksp-ஐப்போல் எழுநூறு மடங்குக்கும் மேல். கலந்த மாத்திரத்தில் வெள்ளையாகக் கொட்டும், கோலால் தேய்க்கத் தேவையில்லை. அடியில் தங்கியபின் மேலே கண்ணாடி போலத் தெளிந்த நீர் நிற்கும். காரீயம் எல்லாம் கீழே போய்விட்டது என்று எண்ணி அந்த நீரைத் தொட்டியில் ஊற்றிவிடுவார்கள்.

அந்த நீரில் காரீயம் எவ்வளவு என்று Ksp-யே சொல்லும். 0.05 M காரீயம் முழுவதும் படிந்தால் 0.1 M குளோரைடு செலவாகும், மிச்சம் 0.4 M.

[Pb²⁺] = 1.7 × 10⁻⁵ ÷ (0.4)² ≈ 1.06 × 10⁻⁴ M

காரீயத்தின் அணு நிறை 207. ஆகவே லிட்டருக்கு 22 மில்லிகிராம். இது எளிய மாதிரி தரும் எண். குளோரைடோடு சேர்ந்த இணைகளையும் அணைவு அயனிகளையும் கணக்கில் எடுத்தால் உண்மையில் இதைவிடப் பல மடங்கு காரீயம் கரைந்திருக்கும். முதல் தொகுதியில் படிந்த காரீயத்தின் ஒரு பகுதி, வடிகட்டிய கரைசலோடு தப்பி இரண்டாம் தொகுதியில் கருப்பு லெட் சல்பைடாக மறுபடி தலைகாட்டுவதும் இதனால்தான்.

இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான IS 10500 காரீயத்துக்கு விதித்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். தெளிந்து நிற்கும் அந்த நீரில் குறைந்தது அதைப்போல் இரண்டாயிரம் மடங்கு இருக்கிறது. ஆகவே வீழ்படிவையும் தொட்டியில் கொட்டாதீர்கள், அதன் மேல் நின்ற தெளிந்த நீரையும் கொட்டாதீர்கள். மேசையின் ஓரத்தில் ‘காரீயக் கழிவு’ என்று எழுதிய மூடியுள்ள புட்டி ஒன்றை வையுங்கள். குழாயை அலசிய முதல் நீர் உட்பட எல்லாம் அதற்குள் போகட்டும். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வெளியே வாருங்கள்.